படம் ஓடுகிறது, கேம் ஓடவில்லை

பண்ருட்டியில் உறவினர் வீடு ஒன்றில் பழைய பிளேஸ்டேஷன் 4 ஒன்று இருக்கிறது. அந்த வீட்டுப் பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். “மாமா, டிவிடி போட்டா படம் சூப்பரா ஓடுது. கேம் டிஸ்க் போட்டா கொஞ்ச நேரம் உர்ருன்னு சுத்திட்டு, படிக்க முடியலைங்குது. ரெண்டும் ஒரே மாதிரி தட்டுதானே?” என்று கேட்டான். பஸ் ஸ்டாண்டு பக்கம் விசாரித்ததில் ஒரு கடைக்காரர் “லென்ஸ் போயிடுச்சு” என்றாராம். இன்னொருவர் “போர்டு போயிடுச்சு, வேற வாங்கிக்க” என்றாராம். இருவருமே பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

பையனின் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. எந்தத் தட்டு ஓடுகிறது, எது ஓடவில்லை என்று அவன் கவனித்திருக்கிறான். ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் கிடைக்கக்கூடிய மிக நல்ல தகவல் அதுதான். அது ஏன் என்று புரிய, தட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சிடி, டிவிடி, புளூரே மூன்றும் 12 சென்டிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் தட்டுகள். மூன்றிலும் தகவல் நுண்ணிய குழிகளாகச் சுருள்வட்டப் பாதையில் பதிந்திருக்கிறது. வேறுபாடு அளவில். டிவிடியில் பாதைக்கும் பாதைக்கும் இடைவெளி 0.74 மைக்ரான், புளூரேயில் 0.32 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு நெருக்கமான பாதையில் ஒன்றைத் தொட்டு இன்னொன்றைத் தொடாமல் படிக்க, ஒளிப்புள்ளி சிறியதாக இருக்க வேண்டும். ஒளியின் அலைநீளம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சிறிய புள்ளியாக அதைக் குவிக்க முடியும். அதனால் டிவிடிக்கு 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர், புளூரேக்கு 405 நானோமீட்டர் ஊதா லேசர். பிளேஸ்டேஷன் 4-இன் கேம்கள் புளூரேயில் வருகின்றன. ஆக அந்தப் பெட்டிக்குள் இரண்டு லேசர்கள் இருக்கின்றன. தட்டைச் சுழற்றும் மோட்டாரும், லேசரைச் சுமந்து முன்னும் பின்னும் போகும் வண்டியும், திரும்பி வரும் ஒளியை வாங்கும் உணரியும் இரண்டுக்கும் பொது.

புள்ளி சிறுத்தால் இன்னொரு நெருக்கடியும் கூடவே வருகிறது. ஒளி குவியும் இடம் தகவல் அடுக்கின் மேல் துல்லியமாக விழ வேண்டும். டிவிடியில் ஏறத்தாழ ஒரு மைக்ரான் மேலேயோ கீழேயோ தவறினாலும் சமாளித்துவிடும். புளூரேயில் அந்தச் சலுகை கால் மைக்ரானுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் சுழலும் தட்டு ஒவ்வொரு சுற்றிலும் இதைப்போல் நூறு மடங்குக்கு மேல் மேலும் கீழும் ஆடுகிறது. ஆடும் தட்டுக்கு ஏற்ப லென்ஸும் கூடவே ஆடியாக வேண்டும். அதற்காகவே லென்ஸை மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்டு, பக்கத்தில் காந்தமும் செப்புச் சுருளும் வைத்திருக்கிறார்கள். சுருளில் மின்சாரம் ஓடினால் லென்ஸ் நகரும்.

எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று லென்ஸுக்கு எப்படித் தெரியும்? இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். திரும்பி வரும் ஒளி நான்கு கட்டங்களாகப் பிரித்த ஓர் உணரியின்மேல் விழுகிறது. வழியில் வேண்டுமென்றே சற்றுக் கோணலான ஒரு லென்ஸை வைத்திருக்கிறார்கள். குவியம் சரியாக இருந்தால் உணரியின்மேல் விழும் புள்ளி வட்டமாக இருக்கும். நான்கு கட்டங்களுக்கும் சம ஒளி. தட்டு நெருங்கிவிட்டால் புள்ளி ஒரு மூலைவிட்டத்தில் நீள்வட்டமாகிறது. விலகிவிட்டால் மற்ற மூலைவிட்டத்தில். எதிரெதிர் கட்டங்களைக் கூட்டி ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் பூஜ்யமோ, கூட்டலோ, கழித்தலோ வரும். அந்தக் குறியைப் பார்த்துத்தான் சுருளுக்குள் மின்சாரம் போகிறது. தட்டைப் போட்டதும் லென்ஸ் முதலில் செய்வது, மெல்ல மேலேறி இறங்கி இந்தப் பூஜ்யத்தைத் தேடுவது. குவியத் தேடல் என்று சொல்லலாம். மேல்மூடியைக் கழற்றிய பழைய பிளேஸ்டேஷன் 2-இல், லென்ஸ் குட்டியாக இரண்டு மூன்று முறை எழும்பி அடங்குவதைப் பக்கவாட்டில் இருந்து பார்க்கலாம். தேடிக் கிடைக்காவிட்டால், உள்ளே தட்டே இல்லை என்று முடிவு செய்து சும்மா இருந்துவிடும். நல்ல தட்டைப் போட்டும் “தட்டு இல்லை” என்று சொல்லும் கருவிகளின் மர்மம் பெரும்பாலும் இதுதான்.

இனி தூசிக்கு வருவோம். இந்தப் பக்கம் செம்மண். அருகிலேயே நெய்வேலியின் திறந்தவெளிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும். பண்ருட்டியைச் சுற்றி முந்திரி பதப்படுத்தும் இடங்கள். முந்திரி ஓட்டில் எண்ணெய் இருப்பதால் அதன் புகையிலும் பிசுபிசுப்பு உண்டு. கன்சோலின் விசிறி அறைக் காற்றை இழுத்துப் பெட்டிக்குள் ஓட்டிக்கொண்டே இருக்கிறது. டிஸ்க் டிரைவுக்குத் தனியாகக் காற்று வடிகட்டி கிடையாது. எட்டு வருடத்தில் உள்ளே என்ன படிந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

ஆனால் தூசி எங்கே இருக்கிறது என்பது முக்கியம். ஜன்னலில் அடித்த கொசுவலை வழியாகத் தெருவைப் பார்க்கும்போது வலை கண்ணுக்கே தெரிவதில்லை. நம் பார்வை குவிந்திருப்பது தெருவில். போட்டிருக்கும் கண்ணாடியில் எண்ணெய்க் கை பட்டுவிட்டாலோ முழுத் தெருவும் மங்கிவிடுகிறது. தட்டின் மேற்பரப்பில் உள்ள தூசி கொசுவலைக்குச் சமம். லென்ஸின்மேல் படியும் படலம் எண்ணெய்க் கை பட்ட கண்ணாடிக்குச் சமம்.

தட்டிலும் எல்லாம் ஒன்றல்ல. டிவிடியில் தகவல் மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஒளிக்கூம்பு தட்டுக்குள் நுழையும் இடத்தில் அதன் அகலம் சுமார் அரை மில்லிமீட்டர். அங்கே 50 மைக்ரான் அகலமுள்ள ஒரு தூசி உட்கார்ந்தால் நூறில் ஒரு பங்கு ஒளியைத்தான் மறைக்கும். புளூரேயில் தகவல் 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. நுழையும் இடத்தில் கூம்பின் அகலம் 0.14 மில்லிமீட்டர். அதே தூசி அங்கே கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு ஒளியை மறைத்துவிடும். புளூரேக்குக் கீறல் தாங்கும் கெட்டியான மேற்பூச்சு கொடுத்திருப்பது இதனால்தான். டிவிடிக் கீறலுக்கு டூத்பேஸ்ட் தேய்க்கும் பழைய வைத்தியத்தைப் புளூரேயில் செய்யவே கூடாது என்று சொல்வதும் இதனால்தான். தேய்த்துத் தேய்த்து 0.6 மில்லிமீட்டரில் கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை, 0.1 மில்லிமீட்டரில் குறைக்க என்ன இருக்கிறது?

இப்போது பையனின் புதிரை அவிழ்க்கலாம். டிவிடி, கேம் இரண்டுமே ஓடவில்லை என்றால் பழுது பொதுவான உறுப்பில் இருக்கிறது: மோட்டார், லென்ஸின் சுருள், இணைப்புப் பட்டை, கட்டுப்பாட்டு போர்டு. டிவிடி ஓடாமல் கேம் மட்டும் ஓடினால் சிவப்பு லேசரைச் சந்தேகிக்கலாம், தூசியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அழுக்காக இருந்திருந்தால் அதிகத் துல்லியம் கேட்கும் புளூரேதான் முதலில் படுத்திருக்கும். அவனுக்கு நடந்ததுபோல் டிவிடி ஓடி, கேம் ஓடாமல் போனால் இரண்டு வாய்ப்புகள்: அழுக்கு, அல்லது வயதான ஊதா லேசர். மோட்டார், போர்டு இரண்டும் பெருமளவு நிரபராதிகள். “போர்டு போயிடுச்சு” என்ற கடைக்காரரின் தீர்ப்பு இங்கே அடிபட்டுப் போகிறது.

கழற்றாமல் செய்யக்கூடியவை சில உண்டு. தட்டை மெல்லிய சுத்தமான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. குறுக்காக விழும் கீறல் பாதையில் சிறு துண்டைத்தான் கெடுக்கும். பதிவோடு சேர்த்து எழுதியிருக்கும் பிழைதிருத்தக் குறிகள் அந்த இடைவெளியைக் கணக்குப் போட்டு நிரப்பிவிடும். வட்டக் கீறல் பாதையோடு கூடவே ஓடுவதால் நிரப்ப முடியாத அளவுக்குத் தகவலைத் தின்றுவிடும். அடுத்து, அதே தட்டை நண்பன் வீட்டுக் கன்சோலில் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு சேஃப் மோடுக்குப் போய் ஐந்தாவதாக உள்ள Rebuild Database-ஐ ஓட்டலாம். அணைத்த நிலையில் பவர் பொத்தானை இரண்டாவது பீப் கேட்கும்வரை, அதாவது சுமார் ஏழு நொடி, அழுத்திப் பிடித்தால் அந்தப் பட்டியல் வரும். Rebuild Database லேசரைச் சரிசெய்யாது. கணினிப் பக்கத்துக் குழப்பம் ஏதாவது இருந்தால் அதை விலக்கிவிடும்.

பண்ருட்டிப் பெட்டியில் இவை எதுவும் பலிக்கவில்லை. ஆகவே திறந்தோம். மின்கம்பியைப் பிடுங்கிச் சற்று நேரம் விட்டோம். பின்பக்க ஸ்டிக்கர்களுக்கு அடியில் உள்ள, நடுவில் சிறு குமிழ் வைத்த நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியை எடுத்தோம். உள்ளே இருக்கும் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் யாரும் பிரிக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆளை அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கலாம். டிரைவை வெளியே எடுத்து, அதன் தகர மூடியைத் திறந்தபோது தட்டை உள்ளே இழுக்கும் ரப்பர் உருளைகளில் பழுப்பு நிறப் பொடி வரிவரியாக ஒட்டியிருந்தது. லென்ஸ் ஒரு மிளகு அளவில், சாம்பல் பூத்தாற்போல் மங்கியிருந்தது. சாய்த்துப் பார்த்தால் அதில் தெரிய வேண்டிய நீலப் பளபளப்பு தெரியவில்லை.

சுத்தம் செய்ய வேண்டியது 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி தண்ணீர். காயும்போது கறை விடும். நகப்பூச்சு நீக்கியையும் தின்னரையும் கிட்டேயே கொண்டுவரக் கூடாது. பிளாஸ்டிக் லென்ஸ் என்றால் வெண்மை படர்ந்துவிடும். பஞ்சுக் குச்சியை நனைத்து, உதறி, லென்ஸின்மேல் அதன் எடை மட்டும் படும்படி ஒரே ஒரு சுற்று. அழுத்தினால் லென்ஸைத் தாங்கும் கம்பிகள் வளைந்துவிடும். பிறகு குவியத் தேடலே நடக்காது. காய்ந்ததும் உலர்ந்த குச்சியால் இன்னொரு சுற்று. உருளைகளையும் அதே ஆல்கஹாலால் துடைத்தோம். லென்ஸ் துடைக்கும் பிரஷ் ஒட்டிய தட்டுகள் கடையில் விற்கின்றன. சுழலும் வேகத்தில் அந்தப் பிரஷ் லென்ஸை அடிப்பதை எண்ணிப் பார்க்கையில் எனக்கு அவற்றின்மேல் நம்பிக்கை வரவில்லை. திறந்த நிலையில் மின்சாரம் கொடுத்து லென்ஸுக்குள் எட்டிப் பார்க்கவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூடிய பெட்டிக்குள் பாதுகாப்பான ஊதா லேசர், திறந்த பெட்டியில் கண்ணைக் கெடுக்கும்.

மாட்டிப் போட்டதும் ஒரு பழைய, சிறிய கேம் ஓடியது. பையனுக்கு ஒரே குஷி. அடுத்ததாகப் போட்ட பெரிய கேம் பழையபடி படிக்கவில்லை.

இந்தப் பாதி வெற்றியும் ஒரு தகவல்தான். 25 ஜிபிக்கு உட்பட்ட கேம் ஓரடுக்குப் புளூரேயில் அடங்கும். அதற்கு மேல் போனால் 50 ஜிபி பிடிக்கும் ஈரடுக்குத் தட்டு வேண்டும். ஈரடுக்கில் ஒளி பாதி ஊடுருவும் ஓர் அடுக்கைத் தாண்டி அடுத்த அடுக்குக்குப் போய்த் திரும்ப வேண்டும். எந்த அடுக்கிலிருந்து திரும்பினாலும், ஓரடுக்குத் தட்டில் கிடைப்பதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. லென்ஸ் சுத்தமான பிறகும் ஓரடுக்கைப் படித்து ஈரடுக்கில் திணறுகிறது என்றால், லேசரே மங்கிக்கொண்டிருக்கிறது.

லேசர் டையோடு பல்பைப்போல் பட்டென்று போவது குறைவு. வயதாக ஆக, அதே ஒளியைத் தர அதற்கு அதிக மின்னோட்டம் தேவைப்படுகிறது. அருகிலேயே ஒரு சிறிய உணரி வெளிவரும் ஒளியை அளந்து, குறைந்தால் மின்னோட்டத்தைக் கூட்டச் சொல்கிறது. கூடிய மின்னோட்டம் டையோடைச் சூடாக்கி இன்னும் வேகமாக வயதாக்குகிறது. ஒரு நாள் மின்னோட்டம் உச்ச வரம்பைத் தொடுகிறது. அதற்கு மேல் கூட்ட வழியில்லை. அதுவரை பிழைதிருத்தமும் சேர்ந்து குறையை மறைத்துக்கொண்டே வந்ததால், பயன்படுத்துபவருக்கு அது திடீரென்று நேர்ந்ததாகத் தோன்றுகிறது. முன்னறிகுறி இல்லாமல் இல்லை: கேம் ஏற நேரமாகும், தட்டு நின்று நின்று மறுபடி சுழலும், கருவி சூடான பிறகு மட்டும் தகராறு செய்யும். பிளேஸ்டேஷன் 2 காலத்தில் லேசர் தலையிலுள்ள சிறு திருகைத் திருப்பி ஒளியைக் கூட்டிக் கொடுக்கும் மெக்கானிக்குகள் இருந்தார்கள். தட்டு ஓடும், கொஞ்ச காலத்துக்கு. ஏற்கெனவே களைத்த டையோடுக்குள் இன்னும் மின்சாரத்தைத் திணிப்பதுதான் அந்த வைத்தியம்.

ஆக மாற்ற வேண்டியது லேசர் தலை. இங்கேதான் பலரும் காசை விடுகிறார்கள். முழு டிரைவையும் ஒரு பழைய கன்சோலிலிருந்து கழற்றி வாங்கி மாட்டினால், பிளேஸ்டேஷன் 4-இன் முதல் மாடல்களில் அது வேலை செய்யாது. டிரைவின் அடியில் ஒட்டியிருக்கும் போர்டில் உள்ள சிப்பும் மதர்போர்டும் தொழிற்சாலையிலேயே ரகசியக் குறியால் ஜோடி சேர்க்கப்பட்டவை. திருட்டுத் தட்டுகளைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. வேறு போர்டு வந்தால் மதர்போர்டு அதை ஏற்காது. எனவே பழைய டிரைவின் போர்டைப் பத்திரமாகக் கழற்றி வைத்துக்கொண்டு, லேசர் தலையை மட்டும் மாற்றுவார்கள், அல்லது புது டிரைவில் பழைய போர்டைப் பொருத்துவார்கள். மாற்றுத் தலை வாங்கும்போது பழையதன்மேல் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதையே கேட்க வேண்டும். புதிய தலைகள் சிலவற்றில், நிலைமின்சாரம் டையோடைச் சுட்டுவிடாதபடி இரண்டு புள்ளிகளை ஈயப் பொட்டால் இணைத்து அனுப்புவார்கள். பொருத்திய பிறகு அதை எடுக்காவிட்டால் புதுத் தலையும் ஒளிராது. எடுப்பதற்கு முன்னால் பொருத்துபவர் தன் உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை உலோகத்தைத் தொட்டுப் போக்கிக்கொள்ள வேண்டும்.

பண்ருட்டிப் பெட்டியில் தலையை மட்டும் மாற்றியதும் ஈரடுக்குத் தட்டும் ஓடியது.

பெரிய பழுது என்று எப்போது சந்தேகிப்பது? தட்டைப் படித்துக் கேமை ஏற்றும் வேலை ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது, வேறு தட்டிலும் அதே கதை என்றால், டவுன்லோடு செய்த கேம் ஒன்றை ஓட்டிப் பார்க்க வேண்டும். பிளேஸ்டேஷன் 4 கேமை முழுவதும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு அங்கிருந்தே ஓட்டுகிறது. அதன் பிறகு தட்டு கேட்பது உரிமையாளர்தானா என்று சரிபார்க்கத்தான். தட்டே தேவைப்படாத கேமும் திணறினால் ஹார்டு டிஸ்க்தான் குற்றவாளி, டிரைவைத் தொட வேண்டாம். யாரும் தொடாமலே தானாக பீப் அடித்துத் தட்டைத் துப்புகிறது என்றால், முதல் மாடல்களில் வெளியேற்றும் தொடு பொத்தானின் அருகே அடிப்பக்கம் இருக்கும் ரப்பர் கால் உப்பி அதைத் தொடுவதுண்டு. தட்டை இழுக்கவே இல்லை, சத்தமே இல்லை என்றால் பட்டைக் கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால் போர்டு.

நன்றாக இருந்த தட்டு வெளியே வரும்போது விளிம்போடு ஓடும் முழு வட்டக் கீறலோடு வந்தால், அடுத்த தட்டைப் போடாதீர்கள். கைதவறிய கீறல் முழு வட்டமாக இருக்காது. சுழலும்போது உள்ளே ஏதோ இடித்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது அசைத்தாலே எக்ஸ்பாக்ஸ் 360 தட்டைக் கீறுகிறது என்ற புகார் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், 2017-இல் தீர்ப்பானது. ஆனால் நீதிமன்றம் தீர்மானித்தது மேல்முறையீட்டு நடைமுறையைப் பற்றி. கீறியது யார் என்பதை அது தொடவில்லை.

கடைசியாக, ஜோடி போர்டே எரிந்துவிட்டால். அதே மாடலின் வேறு போர்டை வாங்கி அந்தச் சிப்பை மட்டும் பெயர்த்து மாற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் குறைவு. அவர்களும் கிடைக்காவிட்டால் ஏற்கெனவே டவுன்லோடு செய்த கேம்களோடு அந்தக் கன்சோலை வைத்துக்கொள்ளலாம். பிற்கால பிளேஸ்டேஷன் 4-களில் அந்தச் சர்க்யூட் மதர்போர்டுக்குள்ளேயே போய்விட்டதால் டிரைவை மாற்றுவது எளிது, சர்க்யூட் கெட்டால் மதர்போர்டையே பழுது பார்க்க வேண்டும். 2023-இல் வந்த மெலிந்த பிளேஸ்டேஷன் 5-இல் டிரைவைக் கையாலேயே கழற்றி மாட்டலாம். முதல்முறை இணைக்கும்போது இன்டர்நெட் இருந்தால்தான் ஜோடி சேரும்.